கணுக்கால் பிசகினால் முதல் ஐந்து நிமிடம்

*கேள்வி: எங்கள் பள்ளியில் விளையாட்டுத் தலைவர்களாக இருக்கும் 9, 11-ம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுளுக்கு, தசைப்பிடிப்புக்கான முதலுதவி சொல்லித்தரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். எதைச் சொல்லித்தரலாம்?*

கணுக்காலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தோள், முழங்கால், விரல் என்று எல்லாவற்றையும் தொட்டால் பிள்ளைகள் மனதில் ஒன்றும் நிற்காது. நான் குமரி மாவட்டத்தில் கல்குளம் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். எங்கள் மைதானத்தில் கபடியானாலும் கால்பந்தானாலும் அடிக்கடி மாட்டுவது கணுக்கால்தான், அதுவும் பாதம் உள்பக்கமாக மடங்கி வெளிப்பக்கத்து ஜவ்வு இழுபடுவது.

எல்லாரும் ஐஸிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். நான் அதற்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லித்தருகிறேன். நம் மாவட்டத்தில் இது தனியாகச் சொல்லவேண்டிய விஷயம். ஊருக்கு ஒரு வர்ம ஆசான், வீட்டுக்கு ஒரு முறிவெண்ணெய்க் குப்பி. ஒருத்தன் விழுந்ததும் நாலு பேர் ஓடிவந்து, ஒருத்தன் காலை இழுப்பான், இன்னொருத்தன் உழிவான். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் இடத்தைத் தேய்த்தால் வீக்கம்தான் கூடும். எலும்பில் கீறல் இருந்தால் இழுப்பதில் அது விலகக்கூடும். அதனால் முதல் இரண்டு மூன்று நாள் உழிவதும் இல்லை, சூடு வைப்பதும் இல்லை. ஆசான்களோடு எனக்குச் சண்டை கிடையாது. எலும்பு முறியவில்லை என்று தெரிந்து வீக்கமும் வடிந்த பிறகு எண்ணெய் போடுவது அவரவர் வீட்டு விஷயம்.

சரி, கையைக் கட்டிக்கொண்டு என்ன பார்ப்பது? கால் கோணலாகத் தெரிகிறதா, விரல்கள் சில்லிட்டு மரத்துப்போய் இருக்கின்றனவா? இருந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு, காலை இருக்கிற நிலையிலேயே அசையாமல் வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். இல்லையென்றால் ஷூவின் கயிற்றைத் தளர்த்திவிட்டு, எலும்பைத் தொட்டுப் பார்க்கலாம். வகுப்பின் பாதி நேரத்தை நான் இதற்குத்தான் கொடுப்பேன்.

ஒரு பையனை பெஞ்சில் உட்காரவைத்து, சாக்பீஸால் அவன் காலில் நாலு இடத்தில் குறிவையுங்கள். வெளிக்கணுவின் நுனியும் அதிலிருந்து மேலே மூன்று விரற்கடை வரை பின்விளிம்பும் முதல் இடம். உள்கணுவில் அதே பகுதி இரண்டாவது. பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவில் ஒரு முண்டு கையில் தட்டுப்படும், அது மூன்றாவது. பாதத்தின் உள்வளைவுக்கு மேலே துருத்தும் எலும்பு நாலாவது. ஒரே விரலால் ஒவ்வொன்றையும் மெதுவாக அழுத்த வேண்டும். வெளிக்கணுவுக்குக் கொஞ்சம் முன்னால், கீழே, மெத்தென்று ஒரு குழி இருக்கும். அங்கே மட்டும் வலித்தால் பெரும்பாலும் ஜவ்வுதான். குறிவைத்த எலும்பில் வலித்தால் எக்ஸ்ரே.

அப்புறம் நாலு அடி நடக்கச் சொல்லுங்கள். நொண்டினாலும் பரவாயில்லை, இரண்டு காலிலும் மாறி மாறி எடை ஏறவேண்டும். நடக்க முடியவில்லையென்றாலும் எக்ஸ்ரே. எலும்பில் வலி இருந்தால் நடக்கவைத்தே பார்க்க வேண்டாம். இது கனடாவில் டாக்டர்கள் 1992-ல் வெளியிட்ட ஒட்டாவா விதி. மருத்துவமனையில் யாருக்கு எக்ஸ்ரே தேவை என்று பிரிப்பதற்காக வந்தது. பிள்ளைகள் கையில் நான் கொடுப்பது யாரை மைதானத்திலிருந்து அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான், நோயைக் கண்டுபிடிக்க அல்ல.

மூன்றாவது இடத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் என்னுடைய தப்பு. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு பையன் பாதம் மடங்கி விழுந்தான். கணுவைத் தொட்டேன், வலி இல்லை. “ஒண்ணும் இல்ல சாரே” என்று எழுந்து நடந்தான். பாதி ஆட்டம் ஆடவும் செய்தான். மூன்றாம் நாள் செருப்புப் போட முடியாமல் வந்தபோதுதான் எக்ஸ்ரே எடுத்தோம். பாத ஓரத்து எலும்பின் அடிப்பாகம் முறிந்திருந்தது. நடந்தானே என்று விட்டதுதான் பிழை. இன்னொன்றும் உண்டு: வளரும் பிள்ளைகளுக்குக் கணுவுக்குச் சற்று மேலே எலும்பு வளரும் தட்டு இருக்கிறது. அது ஜவ்வைவிட வலுக் குறைந்தது. பெரியவர்களுக்குச் சுளுக்காகப் போகிற அதே மடங்கலில் பிள்ளைகளுக்கு அந்தத் தட்டு அடிபடலாம். அதனால் எலும்பில் வலி என்றால் நடந்தாலும் அனுப்பிவிட வேண்டும்.

ஐஸ் சுருக்கமாகத்தான். துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம், பிறகு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மறுபடி. கடற்கரைப் பக்கத்துப் பள்ளி என்றால் மீன் ஐஸ் சுலபமாகக் கிடைக்கும், அதை பிளாஸ்டிக் பையில் போட்டுத் துணி சுற்றுங்கள். வெறும் ஐஸை வைத்து யார் அதிக நேரம் தாங்குகிறான் என்று பையன்கள் பந்தயம் கட்டுவார்கள், தோல் வெளுத்துக் கொப்புளம் வந்துவிடும். ஐஸ் வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்திவைப்பது என்ற சூத்திரத்தை 1978-ல் எழுதிய கேப் மிர்கின் என்ற டாக்டரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்பாடு மாற்றிச் சொன்னார்.

கட்டுப் போடுவதைக் கையால் செய்யவையுங்கள். 10 செ.மீ. அகலமுள்ள கிரேப் பேண்டேஜ் போதும். விரல்களின் அடியில் ஆரம்பித்து மேல்நோக்கி, கணுவை எட்டுப் போலச் சுற்றி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் பாதி மூடும்படி போகவேண்டும். நேராகக் கணுவில் ஆரம்பித்தால் வீக்கம் பாதத்துக்கு இறங்கி, பாதம் பணியாரம் மாதிரி உப்பும். விரல் நுனிகள் வெளியே தெரியட்டும். கட்டு முடிந்ததும் பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்பவேண்டும். ஒருவருக்கொருவர் கட்டிவிட்டுப் பத்து நிமிடம் அப்படியே உட்காரச் சொல்வேன். எட்டாவது நிமிடத்தில் யாராவது ஒருத்தன் “விரல் மரத்துப்போச்சு சார்” என்பான். இறுக்கம் என்றால் என்னவென்று வகுப்புக்கே அப்போது புரிந்துவிடும்.

தசையைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லுங்கள். கெண்டைக்கால் கல்லாக இறுகிப் பிடித்துக்கொண்டால் மெதுவாக நீட்டிவிடலாம், சில நிமிடத்தில் விட்டுவிடும். ஓடும்போது யாரோ கல்லால் அடித்த மாதிரி சுரீரென்று பின்தொடையைப் பிடித்துக்கொண்டு நின்றால், அது தசை கிழிந்திருப்பது. அதை நீட்டவே கூடாது. பிள்ளைகள் இரண்டுக்கும் காலைத் தூக்கிப் பிடித்து நீட்டுவார்கள்.

போன பருவத்தில் எங்கள் கபடி அணித் தலைவி, 11-ம் வகுப்பு, ஒரு சின்னப் பெண்ணின் வெளிக்கணுவைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆட்டத்தை நிறுத்தினாள். நுனியில் அழுத்தினால் வலி, நடக்கச் சொல்லவில்லை. ஒரு அட்டையில், விழுந்த நேரம், வலித்த இடம், ஐஸ் வைத்த நேரம் எல்லாம் எழுதி, அந்தப் பெண்ணை அவள் அம்மாவோடு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. வளரும் தட்டில் அடி இருந்தாலும் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம் என்பதால், ஒரு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னார்கள். “வீணா அலைய வச்சிட்டேனோ சார்?” என்று தலைவி முகம் வாடி நின்றாள். இந்த விதியில் அனுப்புகிறவர்களில் பாதிக்கு மேல் முறிவே இருக்காது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் அனுப்புவது என்று சொல்லி, அட்டையில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்தேன். ஐஸை எடுத்த நேரத்தை மட்டும் விட்டிருந்தாள்.