செடியில் ஆறு, காலடியில் ஒன்று

கேள்வி: 14 மாதமாக ஒருவரோடு பழகுகிறேன். நான் அவசரப்படுத்துவதில்லை. முதலில் பேசுவதும் நான்தான், சண்டை வந்தால் இறங்கிப் போவதும் நான்தான். டாரட் சீட்டு எடுத்தேன், ஏழு பெண்டக்கிள்ஸ் வந்தது. என் பொறுமைக்கு உண்மையிலேயே பலன் கிடைக்கிறதா?

பதில்: ‘பலன்’ என்ற சொல்லைத் தாண்டி என்னால் உடனே போக முடியவில்லை. ராசிபலன், வாரபலன் என்று படித்துப் படித்து, பலன் என்றால் யாரோ நமக்குச் சொல்லும் தீர்ப்பு என்று ஆகிவிட்டது. வடமொழியில் அந்தச் சொல்லுக்குப் பழம் என்றுதான் பொருள். உங்களுக்கு வந்த சீட்டில் அந்தப் பழம் கண்ணெதிரே தொங்குகிறது. அதனால் அர்த்தப் பட்டியலை மூடி வைத்துவிட்டு முதலில் படத்தைப் பாருங்கள்.

1909-இல் லண்டனில் வெளியான ரைடர் சீட்டுக்கட்டுக்காக பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தது இது. ஓர் இளைஞன் கம்பின் மேல் கையை ஊன்றிச் சாய்ந்து நிற்கிறான். எதிரே அடர்ந்த செடி. அதில் பெண்டக்கிள் எனப்படும் வட்டக் காசுகள் ஆறு காய்த்திருக்கின்றன. ஏழாவது அவன் காலருகே தரையில் கிடக்கிறது. அவன் பறிக்கவும் இல்லை, கொத்தவும் இல்லை, தண்ணீர் ஊற்றவும் இல்லை. வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

‘பொறுமையாக இருங்கள், காதல் கைகூடும்’ என்று இந்தச் சீட்டுக்கு அர்த்தம் சொல்பவர்களோடு எனக்குப் பல வருடத்துச் சண்டை. இந்தப் பக்கத்தை நெடுநாளாகப் படிப்பவர்களுக்கு அது தெரியும். அந்தக் கட்டை உருவாக்கிய வெயிட், இந்தச் சீட்டுக்குச் சொல்லப்படும் பொருள்கள் ஒன்றுக்கொன்று மிகவும் முரணானவை என்று தானே எழுதிவைத்திருக்கிறார். அவர் தருவது பணம், வியாபாரம், பண்டமாற்று. இன்னொரு மரபில் சண்டை சச்சரவு. காத்திருந்தால் கிடைக்கும் என்ற உறுதி அதில் எங்கேயும் இல்லை. அவருக்கு முந்தைய கோல்டன் டான் என்ற மறைஞானக் குழுவினர் இதற்கு வைத்த பெயர் ‘நிறைவேறாத வெற்றி’. ரிஷபத்தின் கடைசிப் பத்துப் பாகையில் சனியை வைத்து அவர்கள் இதைக் கணக்கிட்டார்கள். வளமான மண், அதன் மேல் தாமதப்படுத்தும் கிரகம். பின்னால் க்ரோலி என்ற மறைஞான எழுத்தாளர் தன் கட்டில் இதே சீட்டுக்கு ‘தோல்வி’ என்றே பெயர் போட்டார். இத்தனை இருண்ட சரித்திரம் உள்ள சீட்டை ஆறுதல் மிட்டாயாக ஆக்கி, ஏற்கெனவே களைத்துப்போனவர்களுக்குக் கொடுப்பது எனக்குக் கோபம் தருகிறது. அந்த ஒரு வாக்கியத்தை நம்பி வருடங்களைக் கழித்தவர்களின் கடிதங்கள் என் மேசையில் இருக்கின்றன.

அதற்காக உங்கள் உறவு தோற்றுவிட்டது என்றும் நான் சொல்ல மாட்டேன். செடியில் ஆறு காய் இருக்கிறதே. சீட்டு சொல்வது இவ்வளவுதான்: கணக்குப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது, கையில் இருப்பதைக் கொஞ்ச நேரம் கீழே வை. ஆமா இல்லையா என்ற கேள்விக்கு இந்தச் சீட்டிடம் பதில் கிடையாது. அவர் மனதில் என்ன இருக்கிறது என்பதும் இதற்குத் தெரியாது. தெரியும் என்று யாராவது காசு வாங்கிக்கொண்டு சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கணக்கை எப்படிப் பார்ப்பது? எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு இதே கேள்விக்கு இதே சீட்டு வந்தது. ஒரு தாளில் ஏழு வரி எழுதச் சொன்னேன்: ஆறு மாதத்துக்கு முன் இல்லாதது, இப்போது இந்த உறவில் இருப்பது. ‘அன்பு கூடியிருக்கிறது’ மாதிரி வரிகள் கூடாது, கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும். எழுதினாள். அவன் அலுவல் கஷ்டத்தை முழுக்கக் கேட்டது. அவன் ஊரில் இல்லாதபோது தினமும் விசாரித்தது. அவன் அக்காவோடு பேசிப் பழகியது. அவனுக்காகத் தன் விடுமுறையை மாற்றியது. சண்டைக்குப் பின் முதலில் பேசியது. அவன் பிறந்தநாளுக்கு ஏற்பாடு செய்தது. ஏழாவதாக, அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது சொல்லாமலே வந்து மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தான் என்று எழுதினாள்.

அப்புறம் ஒவ்வொரு வரியிலும் வினை யாருடையது என்று கோடு போடச் சொன்னேன். ஆறு வரி அவளுடையது, ஒன்று அவனுடையது. எண்ணிக்கை அப்படியே படத்தைப் போல அமைந்ததில் எனக்கும் கொஞ்சம் திடுக்கிட்டது. அவள் ஆறையும் விளைச்சல் என்று நினைத்திருந்தாள். அவை உழைப்பு. தண்ணீர் ஊற்றியதைக் காய் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். இந்தச் சீட்டைக் காதலில் படிப்பவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். காலடியில் கிடக்கும் அந்த ஒற்றைக் காசுதான் அவள் கேட்காமல் அவள் கைக்கு வந்தது.

ஒன்றே ஒன்று போதுமா என்றால், அது பழையதா புதியதா என்று பார்க்க வேண்டும். அவளுடையது ஐந்து மாதப் பழசு, அதன் பின் எதுவும் இல்லை. போன மாதம் நடந்ததாக இருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன், மெதுவாகக் காய்க்கும் செடியும் உண்டு. அவள் அவனிடமே நேராகக் கேட்டாள், ‘நீ என்ன நினைக்கிறாய்’ என்று. அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து அவளே விலகினாள். அழுதாள், ஆனால் குழப்பத்தில் அழவில்லை.

படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. காதல் சீட்டு என்று பலரும் சொல்லும் இரண்டு கோப்பைகளில் இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள். மூன்று பெண்டக்கிள்ஸில் மூன்று பேர். இந்த ஏழில் ஒரே ஒருவன். பொறுமை, பொறுப்பு இரண்டுக்கும் ‘பொறு’தான் வேர், சுமப்பது என்று பொருள். ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்பார்கள். ஒரு சுமையை இருவர் தூக்கவேண்டிய இடத்தில் ஒருவரே பொறுத்துக்கொண்டிருந்தால் ஆள்வதற்குப் பூமி எங்கிருந்து வரும்? சீட்டு தலைகீழாக வந்தால் வெயிட் சொல்லும் பொருள், கடன் கொடுக்க நினைக்கும் பணத்தைப் பற்றிய கவலை. மனசைக் கடன் கொடுத்தவர்களுக்கு அது நன்றாகப் புரியும்.

தயவுசெய்து இதே கேள்விக்கு மறுபடி சீட்டு எடுக்காதீர்கள். வாரத்துக்கு மூன்று தடவை எடுத்தால் என்றாவது ஒரு நாள் இரண்டு கோப்பைகள் வரும், நீங்கள் அதை மட்டும் நம்புவீர்கள். தாளை எடுத்து ஏழு வரி எழுதுங்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பேசுவது நீங்கள், இறங்கிப் போவது நீங்கள், காத்திருப்பது நீங்கள். அவர் செய்ததாக ஒரு வினைச்சொல் கூட அதில் இல்லை. ஒன்றாவது இருந்தால், என்றைக்கு நடந்தது என்பதோடு எனக்கு எழுதுங்கள்.