யூடியூப் மியூசிக்கில்தான் பாட்டு கேட்கிறேன். எல்டிஏசி உள்ள இயர்பட்ஸ் வாங்கினால் ஏஏசியை விட உண்மையிலேயே நன்றாக இருக்குமா?

ஆண்ட்ராய்டு போன் என்றால் ஓரளவு இருக்கும். ஐபோன் என்றால் எல்டிஏசிக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்; அது எல்டிஏசியில் அனுப்பவே அனுப்பாது, ஏஏசிதான்.

யூடியூப் மியூசிக்கில் தரத்தை உச்சத்தில் வைத்தாலும் வந்து சேர்வது 256 கேபிபிஎஸ் வரைதான். அதையும் போன் அப்படியே காதுக்கு அனுப்புவதில்லை. விரித்து, மெசேஜ் ஒலி போன்றவற்றோடு கலந்து, ப்ளூடூத்துக்காக ஏஏசி, எல்டிஏசி போன்ற ஒரு கோடெக்கில், அதாவது சுருக்கும் முறையில், மறுபடி சுருக்குகிறது. முதல் சுருக்கத்தில் போனதை எந்தக் கோடெக்காலும் மீட்க முடியாது. இரண்டாவது சுருக்கத்தில் இன்னும் எவ்வளவு போகிறது என்பதில்தான் ஏஏசிக்கும் எல்டிஏசிக்கும் வித்தியாசம். ஐபோனில் அந்த ஏஏசி வேலை நன்றாகவே நடக்கிறது. ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் மாறும். சிலவற்றில் ஜால்ரா, சிம்பல் ஒலி மணல் உரசுவதுபோல் கேட்கும். அப்படிப்பட்ட போனில் எல்டிஏசி நிஜமாகவே உதவும்.

ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் 990 கேபிபிஎஸ் எப்போதும் கிடைக்காது. எல்டிஏசிக்கு 330, 660, 990 என மூன்று படிகள். பெரும்பாலும் `Best Effort (Adaptive Bit Rate)` என்ற அமைப்பில்தான் இருக்கும். சிக்னல் மோசமானால் போன் தானாகவே கீழே இறங்கிவிடும். 330-க்கு வந்துவிட்டால் நல்ல ஏஏசியை விட மேல் என்று சொல்ல மாட்டேன்.

என் போனில் இதைச் சோதித்தேன். அமைப்புகளில் `Build number` மீது ஏழு முறை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். இயர்பட்ஸ் இணைந்திருக்கும்போது அங்கே `Bluetooth Audio LDAC Codec: Playback Quality` என்பதில் 990-ஐக் கட்டாயமாக்கினேன். வீட்டில் மேசைமேல் போனை வைத்துக் கேட்டபோது ஒரு தடங்கலும் இல்லை. போனைப் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்ததும் பாட்டு துண்டு துண்டாக அறுந்தது. ப்ளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நம் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். சுற்றிலும் உள்ளவர்களின் வைஃபையும் ப்ளூடூத்தும் அதே அலைவரிசையில்தான் நெருக்குகின்றன. 660-க்கு மாற்றி, போனைச் சட்டைப்பைக்கு ஏற்றியதும் பாட்டு அறுபடுவது நின்றுவிட்டது. அன்றிலிருந்து வெளியே 660தான். சில போன்களில் மறுபடி இணைக்கும்போது இந்த அமைப்பு பழையபடி மாறிவிடும், அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: ஒரே நேரத்தில் போனோடும் லேப்டாப்போடும் இணைத்து வைப்பவராக இருந்தால் வாங்கும் முன் கேளுங்கள். பல இயர்பட்ஸில் அந்த வசதியைப் போட்டால் எல்டிஏசி அணைந்துவிடும்.

256-ல் வரும் பாட்டுக்கு, காதில் சரியாகப் பொருந்தும் சிலிகோன் முனை தரும் மாற்றம் இதைவிடப் பெரியது. முனை தளர்ந்தால் பேஸ் மொத்தமும் வெளியே போய்விடும். உங்கள் பட்ஜெட்டில் எல்டிஏசி இருந்து பொருத்தம் சரியில்லாத ஒன்றும், ஏஏசி மட்டும் இருந்து காதில் கச்சிதமாக உட்காரும் ஒன்றும் கிடைத்தால், நான் இரண்டாவதையே வாங்குவேன்.