பத்துக்குப் பத்து வாய்ப்பாடு: டாலர் எந்தப் பக்கம்?

கேள்வி: எக்செலில் பெருக்கல் வாய்ப்பாடு போட, A2 முதல் A11 வரை கீழ்நோக்கி 1 முதல் 10, B1 முதல் K1 வரை பக்கவாட்டில் 1 முதல் 10 அடித்தேன். B2-இல் =A2*B1 போட்டு இழுத்தால் 1, 2, 6, 24 என்று எகிறுகிறது. எல்லா இடத்திலும் டாலர் போட்டால் எல்லாக் கட்டத்திலும் 1. நூறு கட்டத்துக்கும் ஒரே ஃபார்முலா போட முடியாதா? மேக்ரோ வைத்த ரெடிமேட் ஷீட் விற்கிறார்கள், வாங்கிவிடவா?

பதில்: வாங்காதீர்கள். B2-இல் இதை அடியுங்கள்:

```
=$A2*B$1
```

B2-இன் மூலையிலுள்ள சிறு சதுரத்தைப் பிடித்து K2 வரை வலப்பக்கம் இழுங்கள். தேர்வு கலையாமல் அதே சதுரத்தைப் பிடித்து 11-ஆம் நிரை வரை கீழே இழுங்கள். மூலைவாட்டில் இழுக்க வராது, இரண்டு முறையாகத்தான்.

உங்கள் ஃபார்முலாவை எக்செல் 'A2' என்று படிக்கவில்லை. 'எனக்கு இடப்பக்கத்துக் கட்டம், எனக்கு மேல் கட்டம்' என்றுதான் படித்தது. அதனால் C2-க்கு வந்ததும் இடப்பக்கம் இருக்கும் B2-இன் விடையை எடுத்து 2-ஆல் பெருக்கியது. D2 அந்த 2-ஐ எடுத்து 3-ஆல் பெருக்கி 6 ஆக்கியது. விடைமேல் விடையாகப் பெருகி K2-இல் 3628800 நிற்கும்.

டாலர் குறி தனக்கு அடுத்து வருவதை மட்டும் பூட்டும். $A2 என்றால் A என்ற நிரல் நகராது, நிரை எண் நகரும். B$1 என்றால் 1 என்ற நிரை நகராது, நிரல் எழுத்து நகரும். இடப்பக்கத்து எண்கள் எப்போதும் A நிரலில்தான் இருக்கின்றன, மேல் எண்கள் எப்போதும் 1-ஆம் நிரையில்தான். அந்த இரண்டை மட்டும் பூட்டினால் போதும். நீங்கள் நான்கையும் பூட்டியதால் நூறு கட்டமும் அதே A2-ஐயும் B1-ஐயும் பெருக்கி 1 காட்டின. 'ரிலேட்டிவ், அப்சொல்யூட், மிக்ஸ்டு' என்று மூன்று வரையறைகளை மனப்பாடம் செய்யவைத்துத் தேர்வில் கேட்கும் பாடத்திட்டம், 'டாலர் அடுத்து வருவதை மட்டும் பூட்டும்' என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொடுப்பதில்லை. எத்தனை வருடமாகச் சொல்லியும் மாறவில்லை.

டாலரை இடம் மாற்றி =A$2*$B1 என்று போட்டாலும் எல்லாம் 1தான் வரும். ஆகவே விடையை மட்டும் பார்த்தால் பிழை எதுவென்று தெரியாது. K11-இல் F2 அழுத்திப் பாருங்கள்; =$A11*K$1 என்று இருந்தால் சரி, விடை 100.

விற்கிற ஷீட்டுக்கு வருவோம். நான் பார்த்த பலவற்றில் ஃபார்முலாவே இல்லை, விடைகளை வெறும் எண்களாக ஒட்டியிருந்தார்கள். A5-இல் உள்ள 4-ஐ 40 ஆக்கிப் பாருங்கள். அந்த நிரை அசையாவிட்டால் ஏமாற்று. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தால் பார்க்கவே வேண்டாம். மேக்ரோ என்பது கணினியில் ஓடும் புரோகிராம், உங்கள் கோப்புகளை அழிக்கவும் அதனால் முடியும். பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு மேக்ரோவே தேவையில்லை. 'அனுமதி கொடுங்கள்' என்று கேட்கிற ஷீட்டை மூடிவிடுங்கள்.

இழுக்காமலே நிரப்பவும் வழி உண்டு. அதில்தான் பலர் விழுகிறார்கள். B2 முதல் K11 வரை தேர்ந்தெடுத்து, அதே ஃபார்முலாவை அடித்து, Enter-க்குப் பதில் Ctrl+Enter அழுத்தினால் நூறு கட்டமும் ஒரே அடியில் நிரம்பும். ஆனால் தேர்வை B2-இலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். K11-இல் தொடங்கி மேல்நோக்கி இழுத்துத் தேர்ந்தெடுத்திருந்தால், நீங்கள் அடிப்பது K11-க்கான ஃபார்முலா ஆகிவிடும். எக்செல் அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, மற்ற கட்டங்களை வெற்றுக் கட்டங்களைப் பார்க்கவைக்கும். K11-இல் மட்டும் 1, மற்ற 99-இலும் 0 வந்தால் இதுதான் காரணம். ஃபார்முலாவைத் திருத்திக்கொண்டு உட்காராதீர்கள், அது சரியாகத்தான் இருக்கிறது. தேர்ந்தெடுத்த பரப்பில் வெள்ளையாகத் தெரியும் கட்டம் எதுவென்று பாருங்கள். அது B2-ஆக இருக்க வேண்டும்.

டாலரைக் கையால் அடிக்கலாம். F4-இலும் வரும்: A2-இன் மேல் கர்சரை வைத்து மூன்று முறை அழுத்தினால் $A2, B1-இன் மேல் இரண்டு முறை அழுத்தினால் B$1. சில மடிக்கணினிகளில் F4 வேறு வேலை செய்யும், அங்கே Fn-ஐயும் சேர்த்து அழுத்துங்கள்.