எடை குறையும்போது புஷ்-அப், புல்-அப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எடை 90 கிலோவுக்கு மேல் இருந்து, குறைக்கத் தொடங்கி, கூடவே தண்டாலும் புல்-அப்பும் பழக நினைப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. ஜிம்மில் இரும்பைத் தூக்குபவருக்கு வராத ஒரு குழப்பம் இவர்களுக்கு உண்டு. தூக்க வேண்டிய சுமை அவர்களுடைய உடம்புதான், அதுவோ வாரா வாரம் மாறிக்கொண்டே இருக்கிறது.

வயது 34, எடை 98 கிலோ. தரையில் ஒரு தண்டால்கூட வரவில்லை. முட்டி போட்டு எடுக்கச் சொல்கிறார்கள். அப்படியே தொடங்கலாமா? (வேளச்சேரி வாசகர்)

தொடங்கலாம், ஆனால் சீக்கிரமே மாட்டிக்கொள்வீர்கள். சாதாரண தண்டாலில் கைகள் உடல் எடையில் சுமார் 64 சதவீதத்தைத் தாங்குகின்றன. உங்களுக்கு அது 63 கிலோ. முட்டி போட்டால் சுமார் 49 சதவீதம், அதாவது 48 கிலோ. இரண்டுக்கும் நடுவே 15 கிலோ இடைவெளி. 48 கிலோவில் எத்தனை எடுத்தாலும், அடுத்த படியில் திடீரென 63 கிலோ வந்து நிற்கும். முட்டி போட்டு இருபது எடுப்பவர்கள் தரையில் ஒன்று எடுக்க முடியாமல் விழிப்பது இதனால்தான். தவிர, முட்டி ஊன்றினால் வயிறும் இடுப்பும் இறுகி நிற்கப் பழகுவதில்லை. கனமான வயிறு உள்ளவருக்குத் தரையில் முதலில் தொய்வது இடுப்புதான்.

அதற்குப் பதில் கால்களை நீட்டியே வைத்துக்கொண்டு கைகளை உயரத்தில் ஊன்றுங்கள். கை தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருந்தால் சுமை 41 சதவீதம்தான். 30 செ.மீ. உயரத்தில் 55 சதவீதம். வீட்டு மாடிப்படி ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 முதல் 17 செ.மீ. உயரம் இருக்கும். ஆக, தரையில் கால் ஊன்றி நான்காம் படியில் கை வைத்தால் உங்களுக்கு 40 கிலோ. மூன்றாம் படியில் 47, இரண்டாம் படியில் 54, முதல் படியில் 59 போல வரும், அப்புறம் தரை. எல்லாம் தோராயக் கணக்குதான், கீழே இறங்கிய நிலையில் சுமை இன்னும் கொஞ்சம் கூடும். ஆனால் படிக்குப் படி தாவல் சிறியது என்பதே நமக்கு வேண்டியது.

எந்தப் படியில் முதுகு வளையாமல் ஆறு எடுக்க முடிகிறதோ அங்கே தொடங்குங்கள். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் மூன்று செட், நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. இன்னும் இரண்டு எடுக்கலாம் என்று தோன்றும்போதே செட்டை நிறுத்துங்கள். மூன்று செட்டிலும் 12 வந்துவிட்டால் ஒரு படி இறங்குங்கள். முழங்கைகள் பக்கவாட்டில் முழுக்க விரியாமல், உடம்போடு 45 பாகை அளவில் இருக்கட்டும்.

வயிறு பெரிதாக இருந்தால் நடுப்படிகள் இடிக்கலாம். அப்படியென்றால் திண்ணை விளிம்பு அல்லது சுவரோடு ஒட்டிப் போட்ட கட்டில் சட்டம். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம்.

98 கிலோவில் மூன்றாம் படியில் 8 எடுத்தேன். இப்போது 90 கிலோ, அதே படியில் 15 வருகிறது. பலம் கூடியதா, உடம்பு லேசானதால் வருகிறதா? (மதுரை வாசகர்)

இரண்டும். எது எவ்வளவு என்று தோராயமாகப் பிரித்துப் பார்க்கலாம். ஜிம்காரர்கள் பயன்படுத்தும் எப்லி சூத்திரம் இது: சுமை × (1 + எண்ணிக்கை ÷ 30). ஒரே ஒரு தடவை அதிகபட்சம் எவ்வளவு தள்ள முடியும் என்பதன் மதிப்பீடு.

98 கிலோவில் மூன்றாம் படிச் சுமை 47 கிலோ. எட்டு தடவை என்றால் உச்சபட்சம் கிட்டத்தட்ட 60 கிலோ. 90 கிலோவுக்கு வந்ததும் அதே படியில் சுமை 43 ஆகிவிட்டது. பலம் துளியும் கூடாமல் இருந்திருந்தால் 43 கிலோவை 11 தடவை தள்ளியிருப்பீர்கள். நீங்கள் தள்ளுவது 15. ஆக எட்டிலிருந்து பதினொன்று வரை எடை குறைந்ததால் வந்தது, மீதி நான்கு நீங்கள் சம்பாதித்தது. உச்சபட்சம் இப்போது 65 கிலோ.

இதே கணக்கை முன்னால் தள்ளிப் பாருங்கள். இரண்டாம் படியில் உங்களுக்குச் சுமை சுமார் 50 கிலோ, அங்கே ஒன்பது வர வேண்டும். தரையில் 58 கிலோ, மூன்று வரக்கூடும். அதனால் மூன்றாம் படியில் இருபது, இருபத்தைந்து என்று ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். எடை குறைபவர் ஒரே படியில் நின்றால், பயிற்சி தானாகவே லேசாகிக்கொண்டே போகும். எண்ணிக்கை ஏறுவதால் அது கண்ணுக்குத் தெரியாது. மாதம் ஒருமுறை எடை பார்த்துச் சுமைக் கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

தரையில் நான்கு எடுத்துக்கொண்டிருந்தேன். நாலு கிலோ குறைந்த பிறகும் நான்குதான், சில நாள் மூன்றுதான் வருகிறது. என்ன கோளாறு? (கோவை வாசகர்)

முன்பு கீழே இறங்கும்போது தரையில் முதலில் பட்டது எது, நெஞ்சா வயிறா? வயிறு என்றால் அப்போது நீங்கள் எடுத்தது முக்கால் தண்டால். வயிறு குறைந்ததும் இன்னும் கீழே போகிறீர்கள், அந்தக் கடைசிப் பகுதிதான் கடினமானது. இது சறுக்கல் இல்லை.

இந்தக் குழப்பம் தீர இரண்டு செங்கல் போதும். படுக்கையாக வைத்தால் சுமார் மூன்று அங்குல உயரம். அவற்றின் மேல் கை ஊன்றினால் வயிறு தட்டாமல் நெஞ்சு கைமட்டத்துக்கு இறங்கும். எப்போதும் நெஞ்சு கைமட்டத்துக்கு வந்தால்தான் ஒன்று என்று எண்ணுங்கள். அப்போதுதான் இந்த மாதக் கணக்கைப் போன மாதத்தோடு ஒப்பிட முடியும். மணிக்கட்டு வலிப்பவர்களுக்கு, செங்கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டால் கை அவ்வளவு மடங்காது என்பது கூடுதல் வசதி.

புல்-அப் ஒன்றுகூட வராது. இப்போது 92 கிலோ. 80 வந்த பிறகு முயற்சி செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். சரிதானே? (தஞ்சாவூர் வாசகர்)

பாதி சரி. எடை குறைவதால் தண்டாலைவிட புல்-அப்புக்குத்தான் அதிக லாபம். 12 கிலோ குறைந்தால் தண்டாலில் மிச்சமாவது எட்டு கிலோகூட இல்லை. புல்-அப்பில் ஏறக்குறைய முழு உடம்பும் தொங்குவதால், கிட்டத்தட்ட முழுப் பன்னிரண்டும் மிச்சம்.

ஆனால் 80 கிலோவுக்கு வரும்போது இழுக்கும் பலமும் குறைந்துபோயிருந்தால் எந்தப் பயனும் இல்லை. உட்கார்ந்தபடி மேலேயுள்ள கம்பியைக் கீழே இழுக்கும் லேட் புல்டவுன் இயந்திரத்தில் 60 கிலோவை எட்டு தடவை இழுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உச்சபட்சம் சுமார் 76. உடம்போ 92. நடுவே 16 கிலோ பள்ளம். வாரம் அரை கிலோ வீதம் குறைத்தால் ஆறு மாதத்தில் 80. இதற்குள் புல்டவுனை 65 கிலோ, எட்டு தடவைக்கு ஏற்றிவிட்டால் உச்சபட்சம் 82, அதாவது உடம்பைத் தாண்டிவிட்டது. வெறுமனே பட்டினி கிடந்து எடை குறைத்து, இழுக்கும் பலம் 70க்கு விழுந்தால், 80 கிலோவிலும் பாரில் தொங்கிக்கொண்டுதான் இருப்பீர்கள். இயந்திரத்துக்கு இயந்திரம் கப்பி வேறுபடும், 60 என்று எழுதியிருப்பது எல்லா இடத்திலும் ஒரே 60 இல்லை. அதனால் எப்போதும் ஒரே இயந்திரத்தில் இழுத்து ஒப்பிடுங்கள்.

ஜிம் இல்லையென்றால் பூங்காவில் இடுப்பு உயரக் கம்பி ஒன்றைப் பிடித்து, குதிகாலை ஊன்றி, உடம்பை நேராகச் சாய்த்து நெஞ்சைக் கம்பிக்கு இழுங்கள். நிமிர்ந்து நின்றால் எளிது, கால்களை முன்னே நகர்த்திப் படுக்கப் படுக்கக் கடினம். தண்டாலில் படி இறங்குவது போல இங்கே கால் நகர்வதுதான் கணக்கு, ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கூடவே உயரக் கம்பியில் தொங்கிப் பழகுங்கள். தொடக்கத்தில் கால் பாதி தரையில் தொட்டிருக்கட்டும், பிறகு முழுக்கத் தொங்குவது 30 வினாடி வரை. 90 கிலோவைத் தாங்கும் பிடி ஒரே நாளில் வருவதில்லை.

மேலே ஏறி நின்று மெதுவாக இறங்கும் நெகட்டிவ் செய்து, முழங்கையின் உள்பக்கம் வலி வந்துவிட்டது. கம்பியில் மாட்டிக் காலை வைத்துக்கொள்ளும் ரப்பர் பேண்ட் வாங்கலாமா? (திருச்சி வாசகர்)

எத்தனை கிலோ என்று எழுதவில்லை, ஆனால் கனமானவருக்கு அடிக்கடி வரும் வலி இது. நெகட்டிவில் முழு எடையையும் இறக்குகிறீர்கள். அதுவும் உங்களால் இழுத்து ஏற்றவே முடியாத எடையை. தசை தாங்கினாலும் தசைநார் அவ்வளவு வேகமாகப் பழகாது. காலையில் முதல் பிடியில் வலித்து, சூடேறியதும் மறைந்து, மறுநாள் கூடுதலாகத் திரும்பி வந்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

வலி அடங்கும் வரை நெகட்டிவை நிறுத்திச் சாய்வு இழுப்போடு இருங்கள். சில வாரத்தில் குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். திரும்பத் தொடங்கும்போது வாரம் இரண்டு நாள், நாளுக்கு மூன்று நெகட்டிவ், ஒவ்வொன்றும் ஐந்து வினாடி, அவ்வளவே. உள்ளங்கை உங்களைப் பார்த்தபடி பிடித்தால் ஏறுவது கொஞ்சம் எளிதாக இருக்கும், ஆனால் வலிக்கிற முழங்கைக்கு உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும் பிடி பலருக்கும் இதமாக இருக்கிறது. மேலே போக ஸ்டூல் மேல் ஏறுங்கள். குதிக்காதீர்கள், முடிந்ததும் தொப்பென்று விழாதீர்கள்.

பேண்ட் நல்லதுதான், ஒரு குறை உண்டு. அது அதிகம் இழுபட்டிருக்கும் அடிப்பகுதியில் நிறையத் தூக்கிவிடும், தாடை கம்பிக்கு வருமிடத்தில் கைவிடும். அதனால் பேண்டில் எட்டு வருபவரும் மேல் பாதியில் தனியாகத் தடுமாறுவார். மேலே போய் இரண்டு வினாடி நிற்பதைத் தனியாகப் பழகுங்கள்.

கதவு நிலையில் மாட்டும் புல்-அப் பார் 95 கிலோ தாங்குமா? (சேலம் வாசகர்)

திருகி இறுக்கி உராய்வில் நிற்கும் வகை எனக்குப் பிடிக்காது, பெட்டியில் எத்தனை கிலோ என்று அச்சிட்டிருந்தாலும். கொக்கி வகை, கதவைச் சுற்றி வெளியே துருத்தும் மரச்சட்டத்தின் மேல் உட்கார வேண்டியது. நம் வீடுகளில் பெரும்பாலும் நிலை சுவரோடு மட்டமாக இருக்கும், கொக்கிக்கு இடமே இருக்காது. கான்கிரீட் பீமில் விரிவு போல்ட் போட்டு மாட்டும் பார் அல்லது பூங்காக் கம்பி.

வாரம் ஒன்றரை கிலோ குறைகிறது. ஆனால் தண்டாலும் குறைகிறது. விட்டுவிடவா? (சிங்கப்பூர் வாசகர்)

தண்டாலை விடாதீர்கள், வேகத்தைக் குறையுங்கள். உடல் எடையில் வாரம் அரை முதல் ஒரு சதவீதம் போதும். 90 கிலோவுக்கு அது அரை கிலோவிலிருந்து 900 கிராம் வரை. சுமை தானாகக் குறைந்துகொண்டிருக்கும்போது எண்ணிக்கை குறைந்தபட்சம் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். அதே படி, அதே ஆழம், சரியான தூக்கம், இருந்தும் மூன்று வாரமாக எண்ணிக்கை இறங்கினால் கொழுப்போடு தசையும் போகிறது என்று சந்தேகப்படலாம். புரதத்தைப் பாருங்கள். இலக்கு எடை 78 கிலோ என்றால் கிலோவுக்கு 1.6 கிராம் வீதம் நாளுக்குச் சுமார் 125 கிராம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த அளவுக்குப் போகக் கூடாது. ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் இருக்கிறது. இட்லி, சாம்பாரை மட்டும் நம்பினால் இந்த அளவு வராது, ஒவ்வொரு வேளையிலும் முட்டை, மீன், கோழி, பனீர், சுண்டல் என ஏதாவது ஒன்று திட்டமிட்டு இருக்க வேண்டும்.