உயரத்தில் பாதி: நூலால் அளந்தால் போதும்

கேள்வி: "இடுப்பு உயரத்தில் பாதிக்கு மேல் போனால் ஆபத்து என்கிறார்கள். என் நிறை சரியாகத்தான் இருக்கிறது, பி.எம்.ஐ.யும் 23க்குக் கீழே. பிறகும் இதைப் பார்க்க வேண்டுமா? எப்படி அளப்பது?"

பார்க்கத்தான் வேண்டும். நிறை சரியாக இருப்பவர்களைத்தான் பி.எம்.ஐ. அதிகம் ஏமாற்றுகிறது. நான் கிளிநொச்சிப் பக்கம் ஒரு கிளினிக்கில் தாதியாக வேலை செய்கிறேன். ஆனால் இந்த விஷயம் எனக்கு விளங்கியது கிளினிக்கில் இல்லை, விசுவமடுவில் என் சித்தப்பா வீட்டு விறாந்தையில்.

சித்தப்பாவுக்கு 2009 இல் ஷெல்லடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பொய்க்கால் போட்டுக்கொண்டுதான் தோட்டம் செய்கிறார். உயரம் 174 சென்ரிமீற்றர். பொய்க்காலைக் கழற்றிவிட்டு நிறுத்தால் 68 கிலோ. கிலோவில் உள்ள நிறையை மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை பிரித்தால் பி.எம்.ஐ. 22.5 வரும். தெற்காசியர்களுக்கு 23 இலிருந்தே கவனம் தேவை என்பார்கள். அதற்கும் கீழேதான் இருக்கிறார். "எனக்கு வண்டியே இல்லையடா தம்பி, 34 காற்சட்டைதான் போடுறன்" என்றார்.

இதில் இரண்டு பொய் இருக்கிறது, இரண்டும் அவர் வேண்டுமென்று சொன்னவை இல்லை. முதலாவது நிறை. முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி உடல் நிறையில் ஏறக்குறைய 6 சதவீதம். அது இல்லாத உடம்பை நிறுத்துவிட்டு முழு உயரத்தால் பிரித்தால் விடை குறைவாகத்தான் வரும். அந்த 6 சதவீதத்தைச் சேர்த்துப் பார்த்தால் நிறை 72 கிலோவைத் தாண்டும், பி.எம்.ஐ. ஏறத்தாழ 24 ஆகிவிடும். வன்னியில் கால் இழந்தவர்கள் இல்லாத ஊர் குறைவு. அவர்களுடைய கிளினிக் கொப்பியில் இருக்கும் பி.எம்.ஐ. எப்படி எடுத்தது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இடுப்பளவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கால் போனாலும் வயிறு அங்கேயேதான் இருக்கிறது. உயரத்தை மட்டும் நல்ல காலில் நிற்க வைத்து, குதிக்கால், பின்புறம், முதுகு சுவரில் படும்படி எடுக்க வேண்டும். பொய்க்கால் கொஞ்சம் கட்டையாக இருந்தால் உடம்பு சரிந்து உயரமும் மாறும்.

இரண்டாவது பொய் காற்சட்டை. 34 அங்குலம் என்றால் 86 சென்ரிமீற்றர். சித்தப்பாவின் உயரத்தில் பாதி 87. ஆக, அவர் "பாஸ்". ஆனால் வயிறு வைத்த ஆண்கள் எல்லாரும் காற்சட்டையை வயிற்றுக்குக் கீழேதான் கட்டுகிறார்கள். அந்த அளவு எலும்பின் அளவு, அதன் மேலே தள்ளி நிற்பது கணக்கில் வராது. சாரம் கட்டுகிறவர்களுக்கு அந்தக் கணக்குக்கூட இல்லை, முடிச்சு எவ்வளவுக்கும் இளகிக் கொடுக்கும்.

சரியான இடம் இதுதான். விலாவின் பக்கவாட்டில் கடைசி எலும்பைத் தடவிப் பாருங்கள். அதே நேர்கோட்டில் கீழே இடுப்பெலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். இரண்டுக்கும் நடுவில் நாடாவை வைக்க வேண்டும். தொப்புளை அடையாளமாக வைக்காதீர்கள். தொங்கிய வயிற்றில் தொப்புளும் சேர்ந்து கீழே இறங்கியிருக்கும். உடுப்பை விலக்கி, வெறும் தோலில், சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும்போது எடுங்கள். நாடா தோலில் படவேண்டும், அமுக்கக் கூடாது, முதுகுப் பக்கம் சரியவும் கூடாது. சாப்பிட்ட கையோடு அளக்க வேண்டாம். அளக்கிறார்கள் என்று தெரிந்தால் யாரும் வயிற்றை உள்ளே இழுப்பார்கள், அதனால் நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுப்பேன்.

அப்படி எடுத்தபோது சித்தப்பாவுக்கு 94 வந்தது. 94 ஐ 174 ஆல் பிரித்தால் 0.54.

இரண்டையும் ஒரே அலகில் எடுப்பது முக்கியம். ஒருவர் 5 அடி 8 அங்குலத்தை 5.8 என்று போட்டு, அங்குலத்தில் எடுத்த இடுப்பளவை அதால் பிரித்துப் பார்த்துவிட்டுப் பயந்து வந்தார். 5 அடி 8 என்றால் 68 அங்குலம், பாதி 34.

கணக்கே வேண்டாம் என்றால் நூல் இருக்கிறது. உரப்பை தைக்கும் நூல் நல்லது, இழுபடாது; தும்புக் கயிறு வேண்டாம். தலையிலிருந்து குதிக்கால் வரை வெட்டி, இரண்டாக மடித்து, மேலே சொன்ன இடத்தில் சுற்றுங்கள். இரு முனையும் தொட்டால் 0.5 அல்லது அதற்குக் கீழே. சித்தப்பாவுக்கு நான்கு விரல் அகலம் இடைவெளி விழுந்தது.

இடுப்பை ஏன் பார்க்கிறோம் என்றால், தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பைவிட ஈரலையும் குடலையும் சுற்றி உள்ளே படியும் கொழுப்புத்தான் சீனி வருத்தத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அதிகம் வழி விடுகிறது. அது கூடினால் வயிறு முன்னே வரும், கை கால் மெலிந்தே இருக்கலாம். நம் ஆட்களின் உடல்வாகு பெரும்பாலும் இதுதான். உயரத்தால் பிரிப்பதால் ஆணுக்கு ஓர் அளவு, பெண்ணுக்கு ஓர் அளவு என்று நினைவில் வைக்கத் தேவையில்லை. பிரித்தானியாவில் மருத்துவ வழிகாட்டல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022 இல் 0.5 முதல் 0.59 வரை ஆபத்துக் கூடியது, 0.6 உம் அதற்கு மேலும் அதிக ஆபத்து என்று வகுத்தது. பி.எம்.ஐ. 35க்குக் கீழே இருப்பவர்களுக்குத்தான் அந்த அறிவுரை. அதற்கு மேல் போனவர்களுக்கு இடுப்பளவு புதிதாக ஒன்றும் சொல்லாது.

ஆனால் 0.5 ஒரு வேலி மாதிரி இல்லை. ஒரே ஆளை இரண்டு பேர் அளந்தாலே இரண்டு சென்ரிமீற்றர் வித்தியாசம் வரும், ஆகவே 0.49 க்கும் 0.51 க்கும் சண்டை போட வேண்டாம். இது நோய் என்று சொல்லும் எண்ணும் இல்லை, இரத்தம் பார்க்கலாமா என்று கேட்கும் எண். கர்ப்பிணிகளுக்குச் சரிவராது. ஈரல் பழுதாகி வயிற்றில் நீர் கட்டியவர்களுக்கும் அப்படித்தான். முதுகு கூனியவர்களுக்கும் பொருந்தாது: என் அம்மம்மா ஒரு காலத்தில் 150, இப்போது 146. இடுப்பு 74. பழைய உயரத்தில் 0.49, இன்றைய உயரத்தில் 0.51. அவ கூனியதற்கு வயிற்றைக் குற்றம் சொல்ல முடியாதே!

சித்தப்பாவை வெறும் வயிற்றில் சீனி பார்க்கச் சொன்னேன். 118 வந்தது. 126 ஐத் தொட்டால்தான் சீனி வருத்தம் என்று எடுப்பார்கள், ஆனால் 100 ஐத் தாண்டிவிட்டதால் வாசலில் நிற்கிறார் என்று அர்த்தம். இராச்சோறு பாதியானது, தேநீர்ச் சீனி நிற்கச் சித்தியோடு பெரும் போர் நடந்தது. பொய்க்காலோடு நெடுக நடந்தால் மிச்சமிருக்கும் காலின் நுனி புண்ணாகிவிடும் என்பதால் பழைய சைக்கிளைத் திருத்திக் கொடுத்தோம்.

ஆறு மாதம் கழித்து இடுப்பு 90, சீனி 106. நூலை விறாந்தைத் தூணில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறார். இப்போது இடைவெளி இரண்டு விரல்.