சேலைப் படங்களுக்கு ஆல்ட் டெக்ஸ்ட்: என்ன எழுதலாம், எதை விடலாம்

கேள்வி: ஆன்லைனில் சேலை விற்கிறேன். ஒரு சேலைக்கு நாலு படம். நாலுக்கும் சேலையின் பெயரையே ஆல்ட் டெக்ஸ்டாகப் போட்டிருக்கிறேன். பார்வையற்றவர்களுக்கும் கூகுளுக்கும் புரிகிற மாதிரி எப்படி எழுதுவது?

பதில்:

ஆல்ட் டெக்ஸ்ட் என்பது படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் எழுத்து. நாலு படத்துக்கும் ஒரே பெயர் இருந்தால், திரையைக் குரலில் வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் வைத்திருப்பவர் காதில் அதே வரி நாலு முறை விழும். முந்தி எந்தப் படத்தில் இருக்கிறது, ரவிக்கைத் துணி எதில் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. ஆல்ட்டை எழுதாமலே விட்டால் இன்னும் மோசம். படம் லிங்காகவும் இருந்தால் பல ஸ்கிரீன் ரீடர்கள் கோப்பின் பெயரை வாசிக்கத் தொடங்கிவிடும்.

எழுதும் முன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: பக்கத்தில் ஏற்கெனவே எழுத்தில் இல்லாத எதை, பார்வையுள்ளவர் இந்தப் படத்திலிருந்து தெரிந்துகொள்கிறார்? ஆல்ட்டில் வர வேண்டியது அதுதான். விலை, நீளம், துவைக்கும் முறை எல்லாம் விவரணையில் இருந்தால் இங்கே வேண்டாம்.

அரக்கு நிறத்தில் கட்டம் போட்ட ஒரு செட்டிநாட்டுக் காட்டன் சேலையை எடுத்துக்கொள்வோம். முதல் படத்தில் ஒரு பெண் அதைக் கட்டி நிற்கிறார். இதற்கு இப்படி எழுதலாம்:

```html
<img src="arakku-kattam-mun.jpg" lang="ta"
 alt="அரக்குச் சேலை, உடல் முழுக்க மஞ்சள் கோட்டுக் கட்டங்கள். கறுப்பு பார்டர், கணுக்காலிலிருந்து முழங்காலுக்குப் பாதி தூரம் வரை அகலம்.">
```

பார்டர் எவ்வளவு பெரியது என்பதை உடம்போடு ஒப்பிட்டுச் சொல்வது முக்கியம். ‘பெரிய பார்டர்’ என்றால் அது இரண்டு விரலா, ஒரு சாணா என்று கேட்பவருக்குத் தெரியாது. ‘அழகான’, ‘கண்ணைக் கவரும்’ என்பவையும் எதையும் தெரிவிப்பதில்லை.

இரண்டாவது, முந்தியை விரித்துக் காட்டும் படம்: ‘முந்தி: கட்டம் இல்லாத கறுப்பு, குறுக்கே மூன்று மஞ்சள் பட்டைகள், ஓரத்தில் குஞ்சம்.’ மூன்றாவது, துணியின் நெருக்கமான படம். நூல் தடிமனா மெல்லிசா, நெசவு நெருக்கமா இடைவெளி தெரிகிறதா என்பதைத்தான் பார்ப்பவர் அதில் தேடுவார். அதையே எழுதுங்கள். நாலாவது ரவிக்கைத் துணி: அதன் நிறம், கட்டம் உண்டா, கைக்கு பார்டர் வருகிறதா.

நிறத்தை ஒருபோதும் விடாதீர்கள். வளர்ந்தபின் பார்வை இழந்தவர்களுக்கு நிறங்கள் நினைவில் இருக்கும். பிறவியிலேயே பார்க்காதவர்களுக்கும் எந்த ரவிக்கை இதற்குச் சேரும் என்று முடிவெடுக்க நிறத்தின் பெயர் வேண்டும். கடை வைத்த கற்பனைப் பெயர் போதாது. அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து என்று எல்லோரும் சொல்லும் பெயரைக் கொடுங்கள்.

நீளம் ஒன்றிரண்டு வாக்கியம் போதும். ஆல்ட் பெரும்பாலும் ஒரே மூச்சில் வாசிக்கப்படும். பத்தி, தலைப்பு என்று தாவ முடியாது. பாதியில் அடுத்ததற்குப் போய்விடுபவர்களும் உண்டு, அதனால் முக்கியமானது முதலில் வரட்டும். ‘படம்’ என்று தொடங்க வேண்டாம், அதை ஸ்கிரீன் ரீடரே சொல்லிவிடும்.

பெரிதாக்கிப் பார்க்கத் தட்டும் சின்னப் படங்களுக்கு முழு விவரம் கொடுத்தால் எல்லாமே இரண்டு தடவை ஒலிக்கும். அங்கே ‘முந்தி’, ‘ரவிக்கைத் துணி’ என்ற அளவு போதும்.

கூகுளுக்கென்று தனியாக எதுவும் எழுதத் தேவையில்லை. ஆல்ட்டையும் படத்தைச் சுற்றியுள்ள எழுத்தையும் சேர்த்துத்தான் அது படத்தைப் புரிந்துகொள்கிறது. ‘காட்டன் சேலை, ஆன்லைன் சேலை, விலை குறைந்த சேலை’ என்று தேடல் சொற்களை அடுக்கினால் ஸ்பேமாகக் கருதப்படலாம், கேட்பவருக்கும் தொல்லை. படத்தை CSS பின்னணியாக வைத்திருந்தால் அதற்கு ஆல்ட்டே கிடையாது, கூகுளும் அதைப் படமாகப் பட்டியலிடாது. விற்கும் பொருளின் படம் `<img>`இல்தான் இருக்க வேண்டும்.

இரண்டு இடங்களில் ஆல்ட் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருந்தால், தமிழ் ஆல்ட்டை ஆங்கிலக் குரல் வாசிக்க முயன்று குழறலாம், அல்லது விட்டுவிடலாம். மேலே `lang="ta"` இருப்பது அதற்காகத்தான். அடுத்து, அங்குலத்துக்கு `4"` என்று போட்டால் அந்த மேற்கோள் குறியோடு ஆல்ட் முடிந்துவிடும்; மிச்சம் யார் காதிலும் விழாது. ‘4 அங்குலம்’ என்று எழுத்திலேயே போடுங்கள்.

சரிபார்க்க, ஆண்ட்ராய்டு போனில் அதன் ஸ்கிரீன் ரீடரான டாக்பேக்கை இயக்கி, சேலையைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். பிறகு, ‘முந்தியில் என்ன இருக்கிறது, பார்டர் எவ்வளவு அகலம்?’ என்று கேளுங்கள். அவர் தடுமாறும் படத்தின் ஆல்ட்டை மட்டும் திருத்தி எழுதினால் போதும்.