திருகோணமலை ஊழியர்களின் கேள்வி பதில்: இராஜினாமாக் கடிதத்தை எப்போது கொடுப்பது?

நிலாவெளி ஹோட்டலில் 2021 ஒக்டோபர் 1 சேர்ந்தேன். அடிப்படைச் சம்பளம் 60,000. வேறிடத்தில் 2026 ஓகஸ்டில் சேரச் சொல்கிறார்கள். போகலாமா?

ஓகஸ்டில் போனால் பணிக்கொடையாக ஒரு சதமும் கிடைக்காது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி ஐந்து ஆண்டு நிறைய வேண்டும். உங்களுக்கு அது 2026 செப்டெம்பர் 30 அன்றுதான் நிறைகிறது. அதன்பின் விலகினால் ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், அதாவது 30,000 வீதம் ஐந்து ஆண்டுக்கு 1,50,000 ரூபாய். ஓவர்டைம் இதில் சேராது.

கடிதத்தை முன்கூட்டியே கொடுக்காதீர்கள். முதலாளி உடனேயே ஏற்றுக்கொண்டு அனுப்பிவிட்டால், பிறகு வழக்காடித்தான் பெற வேண்டியிருக்கும். ஒக்டோபர் 1 கடிதம் கொடுத்து, ஒரு மாத அறிவித்தலுடன் நவம்பரில் சேருகிறேன் என்று புதிய இடத்தில் கேட்டுப் பாருங்கள். மூன்று மாதம் பொறுப்பார்களா என்பது உங்கள் பேச்சில் இருக்கிறது. விலகி 30 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் மேலதிகத் தொகையும் சேரும்.

நானாக விலகினால் பணிக்கொடை இல்லை என்று மேலாளர் சொல்கிறார். சேமலாப நிதியை மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா?

மேலாளர் சொல்வது தவறு. இராஜினாமா செய்தாலும் அது உங்கள் உரிமை. நீங்கள் நினைப்பதும் பாதிதான் சரி. வேலை மாறும்போது ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியை எடுக்கலாம், அதுவும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறைதான். சேமலாப நிதி பொதுவாக ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில் வேலையை விட்ட பின்பே கைக்கு வரும்.

எனக்கு 50 ஆகிறது. இருபது ஆண்டு ஒரே இடம். டிசம்பரில் நின்றுவிடட்டுமா?

ஜனவரியில் சம்பள உயர்வு உண்டா என்று முதலில் கேளுங்கள், அம்மா. பணிக்கொடை கடைசிச் சம்பளத்தில்தான் கணக்கிடப்படுகிறது. 5,000 ரூபாய் உயர்ந்தால் ஆண்டுக்கு 2,500 வீதம் இருபது ஆண்டுக்கும் சேர்த்து 50,000 கூடும். ஒரு மாதப் பொறுமைக்கு அது பெரிய கூலி. சேமலாப நிதி மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் அல்ல, ஒரே தொகையாகக் கிடைப்பது. உடம்பு இடம் கொடுத்தால் தொடருங்கள். 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஓய்வு வயதை 60 ஆக்கிவிட்டது; வயதைச் சொல்லி இப்போது உங்களை அனுப்ப முடியாது.

எங்கள் கடையில் ஆறு பேர்தான். எனக்கும் ஏழு ஆண்டு ஆயிற்று. முதலாளி கடையை விற்கிறார்.

1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் 15 பேருக்குக் குறையாத இடங்களுக்குத்தான். உங்களைப் போன்றோர் பணிக்கொடையைத் தொழில் நியாய சபையில் கேட்கலாம். விலகி ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். புதிய உரிமையாளர் உங்கள் ஏழு ஆண்டுகளை ஏற்பாரா என்பது கையெழுத்தாகும் பத்திரத்தைப் பொறுத்தது. அதைப் பார்க்காமல் நான் உறுதி சொல்ல மாட்டேன். விற்பனைக்கு முன்பே சேவைக்காலத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, தொழில் திணைக்களத்தில் காட்டிக் கேளுங்கள்.